நகைச் சீட்டில் ஒரு சதவீதக் கணக்கு

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, அக்காவின் திருமணத்திற்குப் பார்த்துவைத்த நெக்லஸின் மதிப்பீட்டுச் சீட்டைக் கொண்டுவந்தாள். “நாளைக்கு அம்மா பணம் கட்டப்போறாங்க டீச்சர், சரியா இருக்கான்னு பார்க்கணும்” என்றாள். பாடநூலை மூடிவைத்துவிட்டு அதையே கரும்பலகையில் எழுதினேன். இங்கே எளிமைக்காக விலையை முழு எண்ணாக மாற்றி, மொத்தத்தையும் அதற்கேற்பத் தருகிறேன்.

22 காரட் தங்கம் கிராம் ரூ.9,000. எடை 16.400 கிராம். சேதாரம் 12 சதவீதம். கற்களின் விலை ரூ.1,200. ஜிஎஸ்டி 3 சதவீதம். செலுத்த வேண்டியது ரூ.1,71,507.36.

முதல் தவறு எங்கள் பக்கம்தான். 22 காரட் என்றதும் சிலர் 9,000-ஐ 22/24-ஆல் பெருக்கிவிட்டனர். 24-இல் 22 பங்கு தங்கம் என்பது சரி; நகையில் 916 என்ற முத்திரை இருப்பதும் அதனால்தான். ஆனால் 9,000 என்பது 22 காரட்டுக்கே உரிய விலை. தூய்மை அதில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. 24 காரட் விலையைக் கொண்டு கணக்கிட்டால் மட்டுமே 22/24 தேவை.

திருத்திப் போட்டதும் எல்லோருக்கும் கடைக்காரரின் விடையே வந்தது. தங்கம் 1,47,600, சேதாரம் 17,712, கற்கள் சேர்த்து 1,66,512, அதன்மேல் வரி 4,995.36. கணக்கு சரி என்று முடித்துவிடப் பார்த்தேன். அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன், “கல்லையும் சேர்த்தா டீச்சர் எடை போட்டாங்க?” என்றான்.

சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: கல் எடை 0.400 கிராம். கல்லுக்குத் தங்க விலையும் போட்டு, அதற்குச் சேதாரமும் போட்டு, தனியாக ரூ.1,200-உம் கேட்டிருக்கிறார்கள். நிகர எடை 16 கிராம், அதாவது இரண்டு பவுன்தான். தங்கம் 1,44,000, சேதாரம் 17,280, கற்கள் 1,200, ஆக 1,62,480. வரி 4,874.40 சேர்த்தால் ரூ.1,67,354.40. வித்தியாசம் ரூ.4,152.96.

இந்த வித்தியாசத்தை நேரடியாகவும் காணலாம் என்று காட்டினேன்: 0.4 × 9,000 × 1.12 × 1.03. அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டாமல் ஏன் பெருக்குகிறோம் என்பது அன்றுதான் பலருக்கும் பிடிபட்டது.

ஹால்மார்க் முத்திரை தூய்மைக்கு மட்டுமே சாட்சி. அதிலுள்ள ஆறு எழுத்து, எண் குறியீட்டை BIS Care செயலியில் சரிபார்க்கலாம். கல் நீக்கிய எடையை நாம்தான் கேட்டு, சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

மறுநாள் அம்மா கேட்டதும் கடையில் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். “12 சதவீதம் சேதாரம் நியாயமா டீச்சர்?” என்றாள் மாணவி. அதைக் கணக்கு சொல்லாது. கடைக்குக் கடை, வேலைப்பாட்டுக்கு வேலைப்பாடு மாறும், பேசிக் குறைக்கலாம். 10 சதவீதமானால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். மணி அடிப்பதற்குள் ரூ.2,966.40 என்று சொல்லிவிட்டாள்.