நல்லூர்க் கொடியேறிவிட்டால் வானின் கீழே பாருங்கள்

ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும். அன்று தொடங்கி 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்துவிடுவதால் வருகிற வானும் காரும் ஓட்டோவும் செட்டித்தெரு, அரசடிப் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் மதிலோரமாக வரிசை கட்டும். நடுவில் ஒரு வாகனம் போகத்தான் இடம் மிஞ்சும். அந்த இடுக்குகளுக்குள்ளிருந்துதான் பிள்ளைகள் ஓடி வருவார்கள். தேர், தீர்த்த நாள்களில் இன்னும் கூட.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். 9 மீட்டர் முன்னால் ஒரு பிள்ளை வெளிப்படுகிறது என்று வையுங்கள். கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் போய்விடுவார். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே பிள்ளையை அடித்துவிடுவார். 20 கிலோமீட்டரில் போகிறவர் அதே விநாடியில் ஐந்தரை மீட்டர்தான் போவார். காய்ந்த தாரில் நிற்க இன்னும் இரண்டரை மீட்டர் போதும். மொத்தம் 8 மீட்டர், பிள்ளைக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றுவிடுவார். ஆகவே வாகனம் வரிசையாக நிற்கிற ஒழுங்கையில் 20 தான். காலை பிரேக்கின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள்காரர் விரலை லீவரில் வைத்திருக்கட்டும்.

பந்து உருண்டு வந்தால் பின்னால் பிள்ளை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பந்தைக் காணும்போது நேரம் பிந்திவிடும். அதற்கு முன்பே தெரிகிற அடையாளங்கள் இருக்கின்றன.

ஐந்து வயதுப் பிள்ளை ஹயஸ் வானுக்குப் பின்னால் நின்றால் தலையும் தெரியாது. கால் தெரியலாம். எனவே தூரத்திலேயே வானின் கீழே பாருங்கள். டயர்களுக்கு நடுவே சின்னக் கால்கள் அசைந்தால், அது உங்களை நோக்கி வரப்போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் எதிரே வருகிற வாகனத்தின் லைட், அந்தக் கால்களின் நிழலை நீட்டி வீதியில் போடும். தாழ்ந்த காரின் கீழ் இது சரிவராது, டயருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையும் தெரியாது. கால் தெரியவில்லை என்பதால் பிள்ளை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது கதவு. இங்கே ஓடுகிற வான்களில் பிள்ளைகள் ஏறி இறங்குகிற இழுவைக் கதவு பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான். உங்கள் இடப்பக்கத்தில் ஒழுங்காக நிற்கிற வானின் கதவு மதில் பக்கம் திறக்கும். ஆனால் இடம் கிடைத்த அவசரத்தில் வலப்பக்கத்து மதிலோடு கொண்டுபோய் விட்டிருப்பார்கள். உங்கள் வலப்பக்கத்தில் நிற்கிற வானின் பின்புறம் உங்களுக்குத் தெரிந்தால், அதன் கதவு நடு ஒழுங்கையில் திறக்கும். பிள்ளை குதிக்கிற இடம் உங்கள் பாதை. பிரேக் லைட் இப்போதுதான் அணைந்தது, உள்ளே தலைகள் அசைகின்றன என்றால் நின்றே விடுங்கள். இதைக் கவனிக்கிற சாரதிகளை நான் அதிகம் கண்டதில்லை.

மூன்றாவது அடையாளம் நம்முடைய ஊருக்கே உரியது. கோயிலுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். மத்தியானத் தார் சுட்டால் நிழலுக்கு ஓடுவார்கள், எட்டிப் பார்க்க மாட்டார்கள். வெறுங்கால் ஓட்டம் காதிலும் விழாது. ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் வேப்பமர நிழலும் உள்ள இடத்தில், அல்லது ஐஸ்கிரீம் வண்டியோ கச்சான்காரரோ நிற்கிற இடத்தில், வெயில் பக்கத்து இடுக்குகளைப் பாருங்கள்.

ஹோன் அடித்து வழி கேட்காதீர்கள். சத்தம் கேட்ட பிள்ளை அங்கேயே திகைத்து நிற்கும், அல்லது இன்னும் வேகமாக ஓடும். வேகத்தைக் குறைத்துப் பிறகு அடியுங்கள்.

பிள்ளையோடு வருகிறவர்களுக்கு ஒன்று. வீதியின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு "இஞ்ச வா" என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்ட குரலைத் தவிர வேறொன்றும் பிள்ளைக்குக் கேட்காது. நீங்களே கடந்து போய்க் கையைப் பிடியுங்கள். இரண்டு வாகனங்களுக்கு நடுவே வரத்தான் வேண்டுமென்றால் வானின் வெளி விளிம்பு வரை வந்து, அங்கே நின்று, தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள்.

வளவுக்குள் காசு வாங்கி வாகனம் விடுகிற வீட்டுக்காரர்களே, படலையின் இரு பக்கமும் ஒரு வானின் நீளத்துக்கு எதையும் நிறுத்த விடாதீர்கள். பின்னுக்கு எடுக்கிற ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒழுங்கையில் நின்று வழி காட்ட ஓர் ஆளை இன்றே ஒழுங்கு பண்ணுங்கள்.