முப்பது டியூ கட்டியும் பாதிக் கடன் தீரவில்லையே, ஏன்?

ஒன்பதாம் வகுப்பில் வட்டிக் கணக்கு முடிந்த அன்று மாலை ஒரு மாணவி என்னிடம் வந்து நின்றாள். "சார், எங்கப்பா தறி வாங்க மூணு லட்சம் கடன் எடுத்தாருங்க. அறுபது டியூ. முப்பது கட்டியாச்சுங்க. பாதி போக ஒன்றரை லட்சம்தானே இருக்கணும்? இன்னும் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் இருக்குன்னு சொல்றாங்க. ஏமாத்தறாங்களா சார்?"

பள்ளிபாளையத்தில் கணக்குச் சொல்லித் தரும் எவருக்கும் இது புதிய கேள்வி அன்று. எங்கள் மாணவர்களின் வீடுகளில் பாதிக்கு மேல் விசைத்தறியை நம்பி இருப்பவை. தறி, மோட்டார், நூல் என்று எதற்காவது ஒரு கடன் ஓடிக்கொண்டே இருக்கும். "வங்கி சொல்வது சரிதான்" என்று ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அதை நம்புவதற்கு என் வார்த்தை போதாது, அவள் கையால் போட்ட அட்டவணை வேண்டும். அடுத்த இரண்டு பாடவேளைகளில் வகுப்பு முழுவதும் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு ரூபாய் வட்டியிலிருந்து தொடங்கினேன்

ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் பிள்ளைகள் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள், ஏனெனில் அது வீட்டில் கேட்ட சொல். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். அதையே வைத்துக்கொண்டோம். யாருடைய வீட்டுக் கடன் தாளையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. நானே ஒரு கடனை உருவாக்கினேன்: பழைய தறி ஒன்று வாங்க 1,20,000 ரூபாய், ஒரு ரூபாய் வட்டி, 12 மாதத் தவணை, மாதம் 10,662 ரூபாய். இந்த 10,662 எங்கிருந்து வந்தது என்பதை மறுநாளுக்கு ஒத்திவைத்தேன்.

விதிகள் மூன்றே. மாதத் தொடக்கத்தில் நிற்கும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட வேண்டும். தவணையில் அந்த வட்டி போக மீதியே அசலுக்குப் போகும். பாக்கியில் அந்த அசலை மட்டும் கழித்து அடுத்த வரிக்குப் போக வேண்டும். முழு ரூபாய்க்குத் திருத்திக்கொண்டு குழு குழுவாகப் போட்டார்கள்.

| மாதம் | தொடக்கப் பாக்கி | வட்டி | அசல் | இறுதிப் பாக்கி |
|---|---|---|---|---|
| 1 | 1,20,000 | 1,200 | 9,462 | 1,10,538 |
| 2 | 1,10,538 | 1,105 | 9,557 | 1,00,981 |
| 3 | 1,00,981 | 1,010 | 9,652 | 91,329 |
| 4 | 91,329 | 913 | 9,749 | 81,580 |
| 5 | 81,580 | 816 | 9,846 | 71,734 |
| 6 | 71,734 | 717 | 9,945 | 61,789 |
| 7 | 61,789 | 618 | 10,044 | 51,745 |
| 8 | 51,745 | 517 | 10,145 | 41,600 |
| 9 | 41,600 | 416 | 10,246 | 31,354 |
| 10 | 31,354 | 314 | 10,348 | 21,006 |
| 11 | 21,006 | 210 | 10,452 | 10,554 |
| 12 | 10,554 | 106 | 10,554 | 0 |

கடைசித் தவணை மட்டும் 10,660. ரூபாய்க்குத் திருத்தியதால் வந்த இரண்டு ரூபாய் வித்தியாசம் அது. உண்மையான கடன்களிலும் கடைசித் தவணை இப்படிச் சற்று மாறியே வரும். வட்டிப் பத்தியின் கூடுதல் 7,942, அசல் பத்தியின் கூடுதல் 1,20,000, இரண்டும் சேர்ந்து 1,27,942. கட்டிய மொத்தப் பணமும் அதுவே. இந்தக் கூட்டலைச் சரிபார்க்காமல் எந்தக் குழுவையும் எழவிடவில்லை.

எங்கே தவறினார்கள்

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு குழு எல்லா மாதமும் 1,200 என்றே வட்டி போட்டது. ஒவ்வொரு மாதமும் 9,462 மட்டுமே அசலுக்குப் போனதால், 12ஆம் மாத முடிவிலும் 6,456 ரூபாய் பாக்கி நின்றது. இன்னொரு குழு பாக்கியிலிருந்து முழுத் தவணையையும் கழித்தது. அவர்களுக்கு 11ஆம் மாதமே பாக்கி 2,718 ஆகி, 12ஆம் மாதம் எதிர்மறை எண்ணாகிவிட்டது. கடைசிக் கட்டம் பூஜ்ஜியத்துக்கு மேல் நின்றால் வட்டி கூடுதலாகப் போட்டிருக்கிறோம், கீழே போனால் வட்டியைக் கழிக்க மறந்திருக்கிறோம். தவறு எந்தப் பக்கம் என்பதை அட்டவணையே காட்டிவிடுவதால் நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

10,662 எங்கிருந்து வந்தது

மறுநாள் அசல் பத்தியை மட்டும் கரும்பலகையில் எழுதி, அடுத்தடுத்த எண்களை வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 9,557-ஐ 9,462 ஆல் வகுத்தால் 1.01. அடுத்ததும் 1.01. திருத்தத்தால் வரும் ஒரு ரூபாய் முன்பின் போக, பத்தி முழுவதும் அப்படியே இருக்கிறது.

காரணத்தை ஒரு மாணவனே சொன்னான். இந்த மாதம் 9,462 ரூபாய் பாக்கி குறைந்தால், அடுத்த மாத வட்டி அதன் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 95 ரூபாய் குறையும். தவணை மாறாததால் அந்த 95 ரூபாய் அசலுக்குப் போய்ச் சேரும். அசல் ஒவ்வொரு மாதமும் ஒரு சதவீதம் கூடுகிறது.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இது பெருக்குத் தொடர். முதல் உறுப்பு a, பொது விகிதம் 1.01, 12 உறுப்புகள். கூடுதல் 1,20,000 ஆக வேண்டும்:

```
a × (1.01^12 − 1) / 0.01 = 120000
a = 1200 / 0.126825 = 9462
தவணை = 9462 + 1200 = 10662
```

முதல் மாத அசலோடு முதல் மாத வட்டியைச் சேர்த்தால் தவணை. மனப்பாடம் செய்ய வேண்டிய தனிச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் விரிதாளில் இதைச் சரிபார்க்கலாம். `=PMT(1%,12,-120000)` என்று இட்டால் 10661.85 வரும். ஆனால் முதல் அட்டவணை கையால் போட்டதாக இருக்கட்டும். கையால் போட்டவர்களுக்குத்தான் 1.01 கண்ணில் படுகிறது.

அதே ஒரு ரூபாய், வேறு கணக்கு

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வரலாம். மூன்று லட்சம், ஒரு ரூபாய் வட்டி, 60 மாதம் என்றால் தவணை 6,673. முதல் மாதம் அதில் 3,000 வட்டிக்கும் 3,673 அசலுக்கும் போகிறது. 30 தவணை முடியும்போது பாக்கி சுமார் 1,72,200. பாக்கி ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்குவது 35ஆவது தவணையில்தான். அவளே விரிதாளில் 60 வரிகளையும் இறக்கிப் பார்த்துக்கொண்டாள். யாரும் ஏமாற்றவில்லை.

அதன் பிறகுதான் முழு விஷயத்தையும் சொன்னாள். ஒருவர் வீட்டுக்கு வந்து, "பாக்கியை நாங்க கட்டிடறோம். அதே ஒரு ரூபாய் வட்டிதான், அதே முப்பது மாசம்தான்" என்று சொல்லியிருக்கிறார். மாதம் 7,462 கட்ட வேண்டும். கோபத்தில் இருந்த அப்பா மாறிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

7,462 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தோம். 1,72,200-ஐ 30 ஆல் வகுத்தால் 5,740. அதனோடு முழுத் தொகைக்கும் ஒரு ரூபாய் வட்டி 1,722. பாக்கி எவ்வளவு குறைந்தாலும் வட்டி குறையாது. முதல் குழு செய்த அதே தவறு இங்கே ஒரு முறையாகவே இருக்கிறது. இதை 'ஃபிளாட்' வட்டி என்பார்கள். பழைய கடனில் மீதம் கட்ட வேண்டிய வட்டி சுமார் 28,000. புதியதில் 51,660. ஏறக்குறைய 23,700 ரூபாய் கூடுதல்.

எங்கள் 1,20,000 கடனையும் ஃபிளாட் முறையில் போட்டோம். தவணை 11,200 ஆகிறது. 12ஆம் மாதம் கையில் நிற்கும் அசல் 10,000 மட்டும், கட்டும் வட்டியோ 1,200. அந்த மாதத்துக்கு அது நூற்றுக்கு 12 ரூபாய் வட்டி! முழு ஆண்டுக்கும் சேர்த்து உண்மை வட்டி என்ன என்று கண்டுபிடிக்க, பாக்கி குறையும் அட்டவணையில் வட்டி வீதத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நூற்றுக்கு 1 ரூபாய் 79 காசு என்று வைத்தபோது கடைசிப் பாக்கி இருபது ரூபாய்க்குள் வந்து நின்றது. ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம். வாயால் சொல்லும் "ஒரு ரூபாய்" இரண்டுக்கும் ஒன்றுதான், அட்டவணைதான் வேறு.

வங்கித் தாள் ஏன் சற்று மாறும்

நம் அட்டவணை எல்லா மாதத்தையும் சமமாக எடுக்கிறது. பல வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. 1,20,000 ரூபாய்க்கு 31 நாள் மாதத்தில் வட்டி 1,223, 30 நாள் மாதத்தில் 1,184. தவணை தள்ளிப்போனால் அந்த நாட்களுக்கும் வட்டி ஏறும். தொடக்கத்தில் சில மாதம் தவணை இல்லை என்று சலுகை தந்திருந்தாலும், அந்த மாதங்களுக்கு வட்டி உண்டு. ஆகவே சில பத்து ரூபாய் வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டாம். வட்டிப் பத்தி மாதா மாதம் இறங்குகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 15.4.2024 நாளிட்ட சுற்றறிக்கைப்படி, 1.10.2024 முதல் தனிநபர்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதமும், வட்டி, அசல் பிரித்த தவணை அட்டவணையும் அதில் இருக்கும். நாம் வகுப்பில் போட்ட அதே பத்திகள்தான்.

மாணவி தன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் கேட்டேன். "அப்பா அவருகிட்ட, 'மாசா மாசம் வட்டி எவ்வளவு குறையும்னு எழுதிக் குடுங்க'ன்னு கேட்டாருங்க சார். எழுதிக் குடுக்கல. அப்பா பழைய கடனையே கட்டறேன்னுட்டாரு" என்றாள்.