ஒன்பது சதவீத வட்டியின் பின்னால் நிற்கும் வரிசை

ஹாரோவில் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, பாங்கில நாலு வீதம்தான் தாறாங்கள். இந்தப் பத்திரத்தில ஒன்பது. போடலாமே?" இதே கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அந்த இடத்துக்கு இங்கே அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

முதலில் தரமதிப்பீட்டைப் பாருங்கள். முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படி BBB-. மூடிஸ் நிறுவனம் அதையே Baa3 என்று எழுதும். அதற்குக் கீழே உள்ள எல்லாமே ஜங்க் பாண்டுகள்தான். மதிப்பீடே இல்லாத பத்திரம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, அதே ஆண்டில் முதிரும் பிரிட்டிஷ் அரசுப் பத்திரமான கில்ட் எவ்வளவு தருகிறது என்று பார்த்துக் கழியுங்கள். பத்திரத்தில் அச்சிட்ட வட்டியிலிருந்து கழிக்கக் கூடாது. இன்று நீங்கள் கொடுக்கும் விலைக்குக் கிடைக்கும் ஈல்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பத்திரம் 9 தந்து கில்ட் 4 தந்தால், மீதி 5 சதவீதம் நீங்கள் ஏற்கும் ஆபத்துக்கான கூலி.

மூன்றாவது படிதான் கடினம். அந்தக் கூலி போதுமா? கடன் வாங்கியவர் தவறுவாரா என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தவறினால் எவ்வளவு திரும்பும் என்பது பாதிக் கணக்கு. இப்படிப்பட்ட 100 நிறுவனங்களில் ஆண்டுக்கு 5 தவறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தவறியவற்றிலிருந்து நூற்றுக்கு 40 திரும்பினால், ஆண்டு இழப்பு சுமார் 3 சதவீதம். கூலியில் 2 மிஞ்சும். நூற்றுக்கு 10 மட்டுமே திரும்பினால் இழப்பு 4.5, மிஞ்சுவது அரை சதவீதம். நிறுவனங்கள் ஆண்டுதோறும் சீராகத் தவறுவதில்லை. கெட்ட காலத்தில் கூட்டமாக விழும். அப்போது பத்திரத்தை வாங்கவும் ஆள் கிடைக்காது. அந்தக் காலத்தைத் தாங்குவதற்காகத்தான் சராசரி இழப்புக்கு மேலும் முதலீட்டாளர்கள் வட்டி கேட்கிறார்கள். அரை சதவீதம் அதற்குப் போதாது.

எவ்வளவு திரும்பும் என்பதை முடிவு செய்வது, கடன் கொடுத்தவர்களின் வரிசையில் உங்கள் இடம். லண்டன்காரர்களுக்கு இதைக் காட்ட நம் வீட்டுக் குழாயே போதும். தேம்ஸ் வாட்டர் குழுமத்தில் தண்ணீர் விநியோகிக்கும் நிறுவனம் கீழே இருக்கிறது. அதற்கு மேலே கெம்பிள் என்ற தாய் நிறுவனம். கெம்பிளும் 4.625 சதவீத வட்டியில், 2026-இல் முதிரும்படி, 40 கோடி பவுண்டு பத்திரம் விற்றது. வாங்கியவர்கள் பலருக்கும் கண்ணில் பட்டது தண்ணீர்க் கம்பெனிதான்: லண்டன் குளிக்காமல் இருக்குமா? ஆனால் தண்ணீர்க் கட்டணம் கெம்பிளின் கைக்கு நேராகப் போவதில்லை. கீழ் நிறுவனம் தன் கடன்காரர்களுக்குக் கொடுத்த பிறகு, ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்வாட்டின் விதிகள் இடம் தந்தால், டிவிடெண்டாக மேலே போகும். அதனால்தான் கீழ் நிறுவனம் முதலீட்டுத் தரத்தில் இருந்த காலத்திலேயே கெம்பிள் பத்திரம் ஜங்க்.

2024 மார்ச் இறுதியில் பங்குதாரர்கள் புதிதாகப் பணம் போட மறுத்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கெம்பிள் வட்டி கட்டவில்லை. 100 பவுண்டு முகமதிப்புள்ள பத்திரம் 20 பவுண்டுக்கும் கீழே போனது. குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கீழ் நிறுவனம் தன் கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே விற்பனைக் கையேட்டில் நான் முதலில் தேடுவது கடன் வாங்கும் நிறுவனத்தின் முழுப் பெயரை. பிறகு இரண்டு கேள்விகள்: இந்த நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதில் எனக்கு முன்னால் கை நீட்டுபவர்கள் யார்?

வரிசை பின்னால் மாறவும் செய்யும். 2024 ஜூலையில் கீழ் நிறுவனமும் ஜங்க் தரத்துக்கு இறங்கியது. 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் அதன் 300 கோடி பவுண்டு வரையிலான புதிய கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வட்டி 9.75 சதவீதம். அந்தக் கடன் பழைய கடன்காரர்கள் அனைவருக்கும் முன்னால் போய் நின்றது. உங்களுக்கு முன்னால் புதுக் கடன் நுழைய ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று படியுங்கள். அந்த ஒப்பந்தத்தைப் படிக்க நேரமில்லாதவர் தனிப் பத்திரம் வாங்க வேண்டாம். நூற்றுக்கணக்கான பத்திரங்களை வைத்திருக்கும் நிதியத்தில் போடுங்கள்.

வங்கி முறிந்தால் சேமிப்புக்கு வரம்புக்குட்பட்ட சட்டப்பூர்வப் பாதுகாப்பு உண்டு. பத்திரம் விற்ற நிறுவனம் தவறினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. எனவே வட்டி எத்தனை என்று கேட்கும் முன், வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று கேளுங்கள். விற்பவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.