பழைய சிம்மை எறிய முன்னம்: ஜிமெயிலில் தொலைபேசி இலக்கத்தை மாற்றுவது எப்படி?

பிரித்தானியாவுக்கு வந்து இறங்கின கையோடு பலர் முதலில் செய்கிற வேலை புது சிம் போடுவதுதான். இலங்கை சிம் பையின் மூலைக்குள் போய்விடும், அல்லது குப்பைக்குள். ஆனால் உங்கள் ஜிமெயில் கணக்குக்கு அந்தப் பழைய இலக்கம் மட்டும்தான் தெரியும். சட்டத்தரணியின் கடிதங்களும் ஊரிலிருந்து வந்த பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகளும் அந்த மின்னஞ்சலுக்குள் கிடந்தால், நேர்முகத்துக்கு முதல் நாள் அதைத் திறக்க முடியாமல் நிற்பது சின்ன விஷயமில்லை.

வவுனியாவில் இருந்தபோது +94 இலக்கத்தைக் கொடுத்து ஜிமெயில் திறந்த ஒருவரை உதாரணத்துக்கு எடுப்போம். லண்டன் வந்து அதே போனுக்குள் +44 சிம் போடுகிறார். மின்னஞ்சல் வழமைபோலத் திறக்கிறது. அந்தப் போனில் அவர் ஏற்கனவே உள்ளே இருக்கிறார். சிம்மை மாற்றினதற்காகக் கூகிள் அவரை வெளியே விடாது. அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார். இரண்டு மாதத்தில் போன் விழுந்து உடைகிறது. நூலகக் கணினியில் சரியான கடவுச்சொல்லைத்தான் அடிக்கிறார். கூகிளுக்கு அது புது இடம், புது கணினி. ஆகவே பழைய +94 இலக்கத்துக்குக் குறியீடு அனுப்புகிறது. அந்த சிம் இப்போது அவரிடம் இல்லை.

போன் உடைய முன்னம் செய்திருந்தால் இது பத்து நிமிட வேலை. முன்பிருந்தே பாவிக்கிற போனில் myaccount.google.com என்ற பக்கத்தைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் Recovery phone என்று இருப்பதைத் தொடுங்கள். நாட்டைப் பிரித்தானியா என்று மாற்றிவிட்டு புது இலக்கத்தைப் போடுங்கள். நாட்டை மாற்ற மறந்தால் குறியீடு உங்களுக்கு வந்து சேராது.

இங்கேதான் கனபேர் நிறுத்திவிடுகிறார்கள். அதே பகுதியில் 2-Step Verification என்று இன்னொன்று இருக்கும். அது போட்டிருந்தால், உள்ளே போகும்போது குறியீடு வருகிற இலக்கம் அங்கே தனியாகப் பதிவாகியிருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று நம்ப வேண்டாம். இரண்டையும் திறந்து கண்ணால் பாருங்கள்.

இலக்கத்தை மாற்றினவுடன் பழையது முற்றாக அழிந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த 7 நாட்களுக்குப் பழைய இலக்கத்துக்கோ பழைய மீட்பு மின்னஞ்சலுக்கோ குறியீடு அனுப்பக் கூகிள் இடம்விடலாம். களவாக யாரும் உங்கள் இலக்கத்தை மாற்றியிருந்தால், நீங்கள் திரும்பப் பிடிக்கத்தான் இந்த அவகாசம். ஆனால் வழியில் முகவர் ஒருவர் உங்கள் போனை சிம்மோடு வாங்கி வைத்துக்கொண்டார் என்றால், அதே 7 நாள் அவருக்கும் உதவும். அப்படியானவர்கள் இலக்கத்தோடு நின்றுவிடாமல் கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள். Your devices என்ற இடத்தில் அந்தப் போனைத் தேடி வெளியேற்றுங்கள். சிம் உங்கள் கையிலேயே இருந்தால் ஒரு கிழமையாவது எறியாதீர்கள். காசு போடாமல் விட்ட இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அதற்கு முன்னம் அது உங்கள் கணக்கிலிருந்து நீங்கியிருக்க வேண்டும்.

இலக்கத்தையே நம்பாத வழியும் ஒன்று உண்டு. 2-Step Verification போட்டவர்கள் அதற்குள் Backup codes என்பதைத் திறந்தால், 8 இலக்கம் கொண்ட 10 குறியீடுகள் கிடைக்கும். தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். புதிதாக 10 எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதைக் கிழித்துவிடுங்கள். இந்தத் தாளைப் போன் உறைக்குள் செருகி வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். போன் தொலைந்தால் தாளும் சேர்ந்து போகும்.

மாற்றம் செய்தவுடன் Security alert என்று மின்னஞ்சல் வரும். பயப்பட வேண்டாம், நீங்கள் செய்ததைத்தான் சொல்கிறது. மீட்பு மின்னஞ்சலாக ஊரில் உள்ள தம்பியின் முகவரியைக் கொடுத்திருந்தால் அவருக்கும் போகலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இப்படி வந்தால், அதற்குள் இருக்கிற இணைப்பைத் தொடாதீர்கள். போலியாகவும் அனுப்புவார்கள். myaccount.google.com என்று நீங்களே அடித்துப் போய், இலக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிம் ஏற்கனவே போய்விட்டது, பழைய போன் மட்டும் இருக்கிறதென்றால் அதை விற்க வேண்டாம். சிம் இல்லாவிட்டாலும் வைஃபையில் இணைத்தால், வேறு கணினியில் நுழையும்போது "நீங்கள்தானா?" என்ற கேள்வி அந்தப் போனுக்கு வரக்கூடும். அங்கே ஆம் என்று தொட்டால் போதும். கேள்வி வராவிட்டால் கணினியில் Try another way என்பதைத் தொட்டு வேறு வழி காட்டுகிறதா என்று பாருங்கள்.

கூகிளில் மாற்றினது கூகிளுக்கு மட்டும்தான். உங்கள் சட்டத்தரணிக்கும் உள்துறை அமைச்சுக்கும் புது இலக்கத்தைத் தனியாக அறிவிக்க வேண்டும். வதிவிட அனுமதி கிடைத்து UKVI கணக்குத் திறந்தவர்களுக்கு அதற்கான குறியீடும் அங்கே பதிந்த போனுக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். அந்தக் கணக்கிலும் பழைய சிம் வேலை செய்யும்போதே இலக்கத்தை மாற்றுங்கள்.