மூணு கம்பெனியும் ஒரே வாரத்துல விலை ஏத்துறது எப்படி?

காட்பாடி குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "பேசி வெச்ச மாதிரி மூணு பேரும் ஒண்ணா ரீசார்ஜ் விலையை ஏத்துறாங்களே, அது எப்படிக்கா?" இந்த மாதப் பாடம் அதுதான்.

2024 ஜூன் 27-ல் ஜியோ விலையேற்றத்தை அறிவித்தது. மறுநாளே ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் அறிவித்தன. ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று விலையும் அமலுக்கு வந்தன. தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் திட்டத்தைப் பாருங்கள். ஜியோவில் 239 ரூபாய் 299 ஆனது. மற்ற இரண்டிலும் 299 ரூபாய் 349 ஆனது. 28 நாள் என்பதால் வருஷத்துக்கு 12 அல்ல, 13 தடவை போடணும். ஜியோக்காரருக்கு வருஷத்தில் 780 ரூபாய் கூடுதல் செலவு.

ஒரு தெருவில் மூணே இட்லிக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி விலையை ஏத்துகிறாள். மத்த ரெண்டு பேரும் ஏத்தாம இருந்தா அவளோட வாடிக்கை இவங்களுக்கு வரும். ஆனா அவளும் சும்மா இருப்பாளா? உடனே பழைய விலைக்கு இறங்கிடுவாள். அப்புறம் யாருக்கும் லாபமில்லை. கூடவே ஏத்திட்டா மூணு பேருக்கும் லாபம். கடை மூணே என்பதால் ஒருத்தர் விலையை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பேசி வைக்கவே வேண்டாம். இதைத்தான் பொருளாதாரத்தில் 'சில்லோர் முற்றுரிமை' என்கிறார்கள். பேசி வைத்து விலை வைத்தால் போட்டிச் சட்டப்படி குற்றம். பார்த்து ஏத்துவது மட்டும் குற்றமாகாது.

இட்லி விலை ரொம்ப ஏறினா நாலாவதா நாமே அடுப்பு வைச்சிடலாம். செல்போனுக்கு அலைக்கற்றை ஏலம், டவர் என்று பல ஆயிரம் கோடி வேணும். அவ்வளவு பணத்தோடு 2016 செப்டம்பரில் வந்ததுதான் ஜியோ. முதலில் இலவசமாகவே கொடுத்தது. எல்லாரும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. தாங்க முடியாமல் 2018-ல் நம்ம ஊர்ப் பக்கம் நிறைய பேர் வைத்திருந்த ஏர்செல் நின்றது. அதே வருஷம் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. கடைகள் குறைந்த பிறகு 2019, 2021, 2024 என்று மூன்று தடவை விலை ஏறியது. 2021-ல் முதலில் ஏத்தியது ஏர்டெல், 2024-ல் ஜியோ. யார் ஆரம்பித்தாலும் மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

2024-ல் ஏத்தாதது அரசின் பிஎஸ்என்எல் மட்டும்தான். அந்த ஜூலை மாதம் மட்டும் அதில் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள், தனியார் மூன்றிலும் ஆட்கள் குறைந்தார்கள். ஆனாலும் அவர்கள் விலையை இறக்கவில்லை. பிஎஸ்என்எல்லில் வேகமான நெட் அப்போது எல்லா ஊரிலும் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாற நினைப்பவர்கள் முதலில் பிஎஸ்என்எல் வைத்திருப்பவரின் போனை வாங்கி, உங்க வீட்டுக்குள்ளேயே நெட் வருதா என்று பாருங்க. வந்தால் PORT என்று அடித்து, இடம் விட்டு உங்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு கோடு வரும். அதையும் ஆதாரையும் எடுத்துப் போங்க. பழைய சிம்மில் மிச்சமிருக்கும் நாள் புதுசுக்கு வராது. அதனால ரீசார்ஜ் முடியப்போகிற நேரம் பார்த்து மாத்துங்க.