மருமகனுக்கு ஒரு கடிதம்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

கும்மிடிப்பூண்டியில் உன் குறும்படத்தைத் திரையிடுவதற்காக நீ எழுதியிருக்கும் அறிவிப்பு கிடைத்தது. வேலையை விட்டுவிட்டாய் என்று அக்கா அழுததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை; அறிவிப்பின் மூன்று வரிகளைப் பற்றியே சொல்கிறேன்.

'ஞாயிறு மாலை 6 மணியளவில்' என்கிறாய். சிப்காட்டில் பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடித்து, அறைக்குப் போய்க் குளித்து, சற்றே கண்ணயர்ந்து, மறுநாள் விடியுமுன் மீண்டும் புறப்பட வேண்டிய தொழிலாளி, படம் எப்போது தொடங்கும் என்பதைவிட எப்போது முடியும் என்பதையே முதலில் பார்ப்பான். பொன்னேரியில் நாங்கள் நடத்திய திரையிடலை நீ அறிவாய். தலைமை வகிக்க வேண்டியவருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து விளக்கை அணைத்தபோது, மின்சார ரயிலுக்கு ஓடியவர்கள் போக முன்வரிசை மட்டுமே மிஞ்சியிருந்தது. ஓடியவர்கள் மறுமுறை வரவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும், எழுதிய நிமிஷத்தில் படத்தைத் தொடங்கு.

'இடம் குறைவு, முந்துங்கள்' என்பது அவசரத்தை ஊட்டுகிறதேயன்றி விவரத்தைத் தரவில்லை. நாற்காலி அறுபது என்றால் அறுபது என்றே எழுது. இலவசமாகப் பெயர் பதிந்தவர்களில் சிலர் வரமாட்டார்கள். அவர்களுக்காக வைத்த நாற்காலி காலியாகக் கிடக்க, ஷிப்ட் முடிந்து நேரே வந்தவன் வாசலில் நிற்பான். ஆகையால் 45 இடங்களை மட்டும் பதிவுக்கு விட்டு, 15 இடங்களை நேரில் வருவோர்க்கு வை, 5.50-க்குப் பிறகு பதிவு செல்லாது என்பதையும் அறிவித்துவிடு.

'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரியை அடித்துவிடு. என்ன நிபந்தனையென்று தெரியாதவன் பணம் கேட்பார்களோ என்றெண்ணியே ஒதுங்கிவிடுவான். கட்டணம் வைப்பதா வேண்டாமா என்பது உன் விருப்பம், நான் வற்புறுத்தவில்லை. ஆயினும் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராக மக்களிடம் நிதி திரட்டி, 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்து, டிக்கெட் இல்லாமலே மக்களிடம் கொண்டுபோனார்கள் என்பதை நினைத்துப் பார். வாசலில் உண்டியல் வை. படம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மனமுவந்து போடட்டும்.

ஆகவே இப்படி எழுதலாம்: 'ஞாயிறு மாலை சரியாக 6.00 மணி. படம் 24 நிமிஷம், பிறகு உரையாடல், 7.00 மணிக்கு நிறைவு. இருக்கைகள் 60, பதிவுக்கு 45, நேரில் வருவோர்க்கு 15. பதிந்தவர்கள் 5.50-க்குள் வரவும். அனுமதி இலவசம், விரும்பினால் படம் முடிந்தபின் நன்கொடை தரலாம்.' இதனடியில் தேதியும் மண்டபத்துக்கு வழியும் சேர்த்துக்கொள்.

அதிகம் சொல்லிவிட்டேன் போலும், மனம் வருந்தாதே. நம் குடும்பத்தில் இப்படியொரு காரியத்துக்குத் துணிந்தவன் நீ ஒருவனே. அதில் எனக்குள்ள பெருமை கொஞ்சமல்ல. மண்டப வாடகைக்குக் குறைந்தால் உடனே எழுது. அக்காவை நானே அழைத்து வருகிறேன், ஐந்து மணிக்கே வந்து நாற்காலி போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா