அட்சரமணமாலையின் முதற்கண்ணியில் தொன்மக் குறிப்பு

முன்னுரை

திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் இரமண மகரிசி தங்கியிருந்த காலத்தில் இயற்றியது அருணாசல அட்சரமணமாலை. நூற்றெட்டுக் கண்ணிகளால் ஆன இந்நூல், அகர வரிசையில் அமைந்து, அருணாசலத்தைத் தலைவனாக விளிக்கிறது. உடனிருந்த துறவியர் ஊருக்குள் பிச்சைக்குச் செல்லுங்கால் பாடுதற்கென இது இயற்றப்பட்டதாக அவர்தம் வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. ஆகவே இதன் முதற்செவிகள் கற்றோர் அவையினருடையவை அல்ல. தலபுராணச் செய்திகளைக் கேட்டுப் பழகிய கோயில் ஊர் மக்களுடையவை. அவர்கள் அறிந்த ஒரு தொன்ம வாக்கை முதற்கண்ணி எவ்வாறு எடுத்தாள்கிறது, அதனால் கவிதை பெறுவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புராண வாக்கு

தில்லையைக் காண முத்தி, ஆரூரில் பிறக்க முத்தி, காசியில் இறக்க முத்தி, அருணாசலத்தை நினைக்க முத்தி என்பது சைவ உலகில் பெருவழக்கான கருத்து. முதல் மூன்றிலும் உடல் அவ்வவ்விடத்தில் இருத்தல் வேண்டும். நான்காவதற்கு அவ்வரையறை இல்லை. எங்கிருந்து நினைப்பினும் பயன் உண்டு. எனினும் நான்கும் ஒரே வாக்கிய அமைப்பின. ஒருவர் ஒன்றைச் செய்கிறார். அதற்குரிய பேற்றை அவரே அடைகிறார். நினைப்பவர் அழியாது நின்று முத்தியைப் பெறுபவராகவே அங்குக் காணப்படுகிறார்.

கண்ணியின் மாற்றம்

அருணாசலம் என்று அகத்தில் நினைப்போரது அகத்தை மலை வேரோடு களைந்துவிடும் என்பது முதற்கண்ணியின் திரண்ட பொருள். நினைத்தல் என்னும் செயல் புராண வாக்கில் உள்ளபடியே இருக்கிறது. பயனிலையே மாறியுள்ளது. முத்தி என்னும் சொல் இல்லை. அதன் இடத்தில் வேரறுத்தல் நிற்கிறது. நினைப்பவர் ஒன்றைப் பெறுவதாகச் சொல்லாமல், மலை அவரிடமிருந்து ஒன்றை அகற்றுவதாகக் கவிதை சொல்கிறது. வினைமுதலும் நினைப்பவரிடமிருந்து மலைக்கு மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தைத் தாங்குவது ‘அகம்’ என்னும் சொல். தமிழில் அது உள், மனம், வீடு எனப் பொருள்படும். வடமொழி வழியில் ‘நான்’ எனவும் படும். முதலில் வரும் அகம் ஏகாரத்தோடு, வேற்றுமை உருபின்றி நிற்கிறது. ஏழாம் வேற்றுமைத் தொகையாகக் கொள்ளின் ‘மனத்தின்கண் நினைப்பவர்’ என்றாகும். எழுவாய்ப் பொருளாகக் கொள்ளின் ‘நானே அருணாசலம் என நினைப்பவர்’ என்றாகும். இரண்டாவது அகம் இரண்டாம் வேற்றுமை உருபேற்று, களையப்படும் முனைப்பாகத் தெளிவுறுகிறது. இரண்டிடத்தும் ஒரே பொருள் கொண்டால் பாடல் இடர்ப்படும்: நினைவுக்கு இடமாகிய மனமும் அழிவுக்குரிய முனைப்பும் ஒரு சொல்லால் சுட்டப்பட்டும் வேறுபட்டு நிற்பதே இதன் ஆற்றல்.

மூன்றாங்கண்ணி இவ்வாசிப்பிற்குச் சான்று தருகிறது. மலை தன் அகத்துள் புகுந்து ஈர்த்து, அம்மலையின் அகமாகிய குகையில் சிறைவைத்தது ஏன் என்று அங்குத் தலைவி வினவுகிறாள். அகச் சொல் அங்கும் இருமுறை வருகிறது. அங்கும் செயல் மலையினுடையதே. ஆதலின் முதற்கண்ணியின் சொல்விளையாட்டு தற்செயல் அன்று.

குறிப்பின் எல்லை

வேரறுத்தல் என்னும் வினையை, அடி தேடி நிலத்தை அகழ்ந்த திருமாலின் வராக வடிவத்தோடு இணைக்கவும் இடமுண்டு. அங்கே தேடுவோர் தழற்பிழம்பின் அடியைத் தேடி அகழ்கிறார். இங்கே மலையே தேடுவோரின் வேரை அகழ்கிறது. ஈர்ப்புடைய இணைப்பு இது. ஆயினும் பன்றி, அன்னம், அடி, முடி, தழல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இக்கண்ணியில் இல்லை. நினைத்தல் பற்றிய குறிப்புக்குத் தலப்பெயரும் வினையும் சேர்ந்து சான்றாகின்றன. வராகக் குறிப்புக்கோ ஒரு வினையின் ஒப்புமை மட்டுமே உண்டு. முன்னதைக் குறிப்பு எனவும் பின்னதை வாசகர் எய்தும் எதிரொலி எனவும் பிரித்து வைத்தலே ஆய்வுக்குப் பொருந்தும்.

முடிவுரை

புராண வாக்கை அறியாதார்க்கு இக்கண்ணி எத்தலத்துக்கும் பொருந்தும் முனைப்பொழிப்பு உபதேசமாக நின்றுவிடும். அறிந்தார்க்கோ, தாம் நம்பிவந்த எளிய வாக்கின் விலை இங்கு வெளிப்படுகிறது. நினைத்தாலே முத்தி என்பது உண்மையே. ஆனால் அம்முத்தியைத் தனதெனக் கொள்ள நினைத்தவர் எஞ்சுவதில்லை. பிச்சைக்குச் சென்றோர் பாடிய பாட்டில் இச்செய்தி முதலடியிலேயே அமைந்தமை கருதத்தக்கது. கொடைக்குப் பயனாகப் பேறு கூறுதல் மரபாக இருக்க, அவ்வீடுகளின் வாயிலில் ஒலித்தது இழப்பின் செய்தி. தொன்மத்தை மறுக்காமல், அதன் பயனிலையை மட்டும் மாற்றி, கவிதை இதைச் செய்து முடிக்கிறது.